எடை ஏறுகிறது என்று மனநல மாத்திரையை நிறுத்தலாமா?

சில மாதங்களில் பத்துப் பதினைந்து கிலோ ஏறிவிட்டது என்பதற்காக மனநல மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். டாக்டரிடம் சொல்வதில்லை, சொன்னால் திட்டுவார் என்ற பயம். பல நேரம் வீட்டிலும் சொல்வதில்லை. மாத்திரை அட்டை அலமாரியில் அப்படியே இருக்கும், அம்மா கேட்டால் "போட்டுட்டேன்" என்று பதில் வரும்.

இவர்களின் வருத்தம் நியாயமானது. எடை ஏறியது உண்மை. அதற்கு மாத்திரையே முக்கியக் காரணம் என்பதும் பெரும்பாலும் உண்மை. சிக்கல், அதற்கு அவர்கள் எடுக்கும் முடிவில் இருக்கிறது. எடையைச் சமாளிக்கப் பல வழிகள் உண்டு, ஆனால் மாத்திரையை ஒரே நாளில் விடுவது அவற்றில் ஒன்றல்ல. ஏன் என்று தெரிந்துகொள்ள, மாத்திரை மூளையில் எதைத் தொடுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

பசி அடங்காமல் போவது எப்படி

சாப்பிட உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் "போதும்" என்று தோன்றுகிறதே, அது வயிறு மட்டும் எடுக்கும் முடிவில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. வயிற்றிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் வரும் தகவல்களைப் பார்த்து, சாப்பிட்டது போதுமா இன்னும் வேண்டுமா என்று அதுதான் தீர்மானிக்கிறது. இந்த வேலையில் ஹிஸ்டமின், செரோடோனின் என்ற இரண்டு ரசாயனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இவை நரம்பு செல்லின் மேல் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும்போது "போதும்" என்ற செய்தி கிளம்புகிறது.

ஒலான்சபின், க்ளோசபின் போன்ற மாத்திரைகள் இந்த ஏற்பிகளில் சிலவற்றை அடைத்துவிடுகின்றன. அடைப்பது அவற்றின் முக்கிய வேலை அல்ல. குரல் கேட்பது, யாரோ தன்னைப் பின்தொடர்வதாக நம்புவது போன்ற அறிகுறிகளைக் குறைக்க அவை டோபமின் என்ற இன்னொரு ரசாயனத்தின் ஏற்பிகளைத் தடுக்க வேண்டும். ஆனால் அந்த மருந்தின் வடிவம் ஹிஸ்டமின் ஏற்பிக்கும் செரோடோனினின் ஒரு வகை ஏற்பிக்கும் சேர்த்தே பொருந்திவிடுகிறது. அதனால் "போதும்" என்ற செய்தி பலவீனமாகிறது. தட்டு காலியான பிறகும் பசி இருக்கிறது. அதிலும் இனிப்பு, மாவுப் பண்டம் மீது ஆசை அதிகம். இரவு பதினொரு மணிக்கு எழுந்து மிக்சர் டப்பாவைத் தேடுபவர்கள் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

அலர்ஜிக்குக் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகளைப் போட்டால் தூக்கம் வருமல்லவா? அதுவும் இதே ஹிஸ்டமின் ஏற்பியை அடைப்பதால்தான். ஆகவே மனநல மாத்திரைகளில் எது நன்றாகத் தூங்க வைக்கிறதோ, அது பசியையும் கிளப்ப வாய்ப்பு அதிகம். மனச்சோர்வுக்குத் தரும் மிர்டசபின், அமிட்ரிப்டிலின் இரண்டும் இதற்கு உதாரணம். இதோடு வாய் உலர்ந்துபோவதும் சேர்ந்துகொள்ளும். தாகம் என்று பாட்டில் குளிர்பானமோ நாலைந்து டீயோ குடித்தால், அந்தச் சர்க்கரை சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது.

க்ளோசபினுக்கும் ஒலான்சபினுக்கும் இன்னொரு பக்கமும் உண்டு. பசியை விட்டுத் தனியாக, இன்சுலின் வேலை செய்யும் விதத்தையே அவை கெடுக்கக்கூடும். எடை பெரிதாக ஏறாதவருக்கும் சுகரோ ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்போ கூடுவதற்கு இது காரணம். எடை மிஷினை மட்டும் நம்பாமல் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வது இதனால்தான்.

எந்த மாத்திரை எவ்வளவு

"மனநல மாத்திரை எல்லாமே குண்டாக்கும்" என்பது சரியல்ல. குரல் கேட்பது, சந்தேகம் போன்ற அறிகுறிகளுக்குத் தரும், ஆன்டிசைகாட்டிக் என்று சொல்லப்படும் மருந்துகளில் க்ளோசபினும் ஒலான்சபினும் முதல் வரிசை. குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் நடுவில் வரும். அரிபிப்ரசோல், லுராசிடோன் கடைசியில். இவற்றால் பெரும்பாலானவர்களுக்கு எடை அதிகம் மாறுவதில்லை. அமெரிக்காவில் சுமார் 1,500 மனச்சிதைவு நோயாளிகளை வைத்து நடந்து, 2005-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஒலான்சபின் போட்டவர்களுக்குச் சராசரியாக மாதம் 0.9 கிலோ ஏறியது. அவர்களில் 100-க்கு 30 பேருக்கு ஆரம்ப எடையில் 7 சதவீதமோ அதற்கு மேலோ கூடியது. அதே ஆய்வில் அந்த அளவுக்கு ஏறாதவர்களே அதிகம் என்பதையும் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஏறுமா என்பதை முதல் மாதத்து எடையே ஓரளவு சொல்லிவிடும். முதல் நான்கு வாரத்தில் வேகமாக ஏறுபவருக்குத்தான் பின்னாலும் அதிகம் ஏறுகிறது.

மாதம் ஒரு கிலோ என்பதை உணவுக் கணக்கில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் கிட்டத்தட்ட 7,700 கலோரி இருக்கிறது. முப்பது நாளுக்கு வகுத்தால் தினம் சுமார் 250 கலோரி. ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒருவரைத் தின்னிப் பண்டாரம் என்று திட்டும் அளவுக்கு அவர் சாப்பிட வேண்டியதே இல்லை. தினமும் இவ்வளவு கூடுதலாக உள்ளே போனால், அது யார் கண்ணிலும் படாமலே ஆறு மாதத்தில் ஐந்தாறு கிலோ ஆகிவிடும்.

மனச்சோர்வு மருந்துகளில் கதை இன்னும் மெதுவானது. ஃப்ளூவாக்சிடின், செர்ட்ராலின் போன்றவை ஆரம்பத்தில் பசியைக் குறைக்கவும் செய்யும். மாதங்கள் போகப் போகச் சிலருக்குச் சில கிலோ ஏறும். இந்தக் குடும்பத்தில் பராக்சிடின்மீதுதான் புகார் அதிகம். ப்யூப்ரோபியான் இதற்கு நேர்மாறு, கொஞ்சம் எடை குறையலாம். மொத்தத்தில் இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம், ஒலான்சபினுக்கும் அரிபிப்ரசோலுக்கும் இடையே உள்ள அளவுக்குப் பெரிதில்லை.

ஒருவரை வைத்துப் பார்ப்போம்

இனி வருவது விளக்கத்துக்காக நான் கட்டிய உதாரணம். 26 வயதுப் பெண், உயரம் 155 செ.மீ. நன்றாக இருந்த காலத்தில் எடை 52 கிலோ. கடுமையான மனச்சோர்வு வந்து, சாப்பிடாமல், தூங்காமல், "நீ செத்துப் போ" என்று ஒரு குரலும் கேட்கத் தொடங்கியது. மருத்துவமனைக்கு வந்தபோது 46 கிலோ. டாக்டர் காலையில் செர்ட்ராலின், இரவில் ஒலான்சபின் 10 மி.கி. எழுதினார். செர்ட்ராலின் படிப்படியாக 100 மி.கி. வரை உயர்த்தப்பட்டது. மனச்சோர்வோடு குரல் கேட்பதும் சேர்ந்து வரும்போது இந்த இரண்டும் சேர்ந்த சிகிச்சை வழக்கமானது.

நான்காவது வாரம் 50 கிலோ. குரல் நின்றுவிட்டது. இரவு தூக்கம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இந்த நான்கு கிலோவை மருந்தின் தலையில் மட்டும் போட முடியாது. நோயால் இழந்ததை உடல் திரும்பப் பெறுகிறது, அது நல்லதுதான். எட்டாவது வாரம் 53. கவனிக்க வேண்டிய இடம் இது. பழைய எடையைத் தாண்டியும் ஏற்றம் நிற்கவில்லை. மூன்றாம் மாதம் 56, ஆறாம் மாதம் 61. அதாவது பழைய 52-க்கு மேல் கூடிய ஒன்பது கிலோவுக்குப் பெரும்பாலும் மருந்து கிளப்பிய பசிதான் காரணம். நோய்க்கு முந்தைய எடை என்ன என்று யாராவது முதல் நாளே கேட்டுக் குறித்திருந்தால், எட்டாவது வாரத்திலேயே இது பிடிபட்டிருக்கும். என்னைக் கேட்டால், முதல் சீட்டை எழுதும்போதே "இந்த மாத்திரை பசியைக் கிளப்பும், எடை ஏறலாம், ஏறினால் உடனே சொல்லுங்கள்" என்று சொல்லாமல் விடுவது பெரிய குறை. முன்கூட்டியே சொல்லப்பட்டவர் டாக்டரிடம் வருவார். சொல்லப்படாதவர் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வார், அப்புறம் மாத்திரையைக் குற்றம் சொல்வார்.

இந்தப் பெண் அதைத்தான் செய்கிறார். ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சுக்குப் பிறகு, இரண்டு மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்துகிறார். குரல்தான் போய்விட்டதே, இனி எதற்கு என்பது அவர் நினைப்பு.

இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து உடம்பு ஒரு மாதிரி ஆகிறது. தலை சுற்றுகிறது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு சுளீர். குமட்டல், வியர்வை, விசித்திரமான கனவு. சின்ன விஷயத்துக்கும் அழுகை, எரிச்சல். இரவில் தூக்கம் வரவில்லை. அதே நேரத்தில் பகலில் இருந்த மந்தம் குறைந்திருக்கிறது, அகோரப் பசியும் தணிந்திருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் தலைச்சுற்றல் போகிறது, எடை மிஷினில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. "மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கேனே" என்று அவர் சொல்வதை யாராலும் மறுக்க முடியாது. அந்த நிமிடத்தில் அது உண்மைதான்.

ஆபத்து இந்த நல்ல வாரங்களில் ஒளிந்திருக்கிறது. மாத்திரை ரத்தத்திலிருந்து சில நாளில் போய்விடும். நோய் திரும்ப வருவதற்கோ வாரங்களோ மாதங்களோ ஆகலாம். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. மூன்றாம் மாதத்தில் தூக்கம் நாலு மணி நேரமாகக் குறைகிறது. பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சந்தேகம். சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அந்தக் குரல். வீட்டில் "எதிர்வீட்டுச் சண்டைதான் காரணம்" என்பார்கள், "வேலை போனதுதான்" என்பார்கள். மூன்று மாதத்துக்கு முன் அலமாரியில் வைத்த அட்டை யாருக்கும் நினைவுக்கு வராது.

இதே நோய்க்கு, இதே இரண்டு மருந்தை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓர் ஆய்வு நடந்து 2019-ல் வெளியானது. குணமாகி நிலையாக இருந்த 126 பேர். எல்லோரும் செர்ட்ராலினைத் தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஒலான்சபினும் தொடர்ந்தது. மீதிப் பேருக்கு அது படிப்படியாகக் குறைக்கப்பட்டு வெறும் மருந்தில்லா மாத்திரை தரப்பட்டது. 36 வாரத்தில் ஒலான்சபினைத் தொடர்ந்தவர்களில் 100-க்கு 20 பேருக்கும், நிறுத்தியவர்களில் 100-க்கு 55 பேருக்கும் நோய் திரும்பியது. இதை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். பதமாகக் குறைத்து, டாக்டர் கண்காணிப்பில், இன்னொரு மருந்தைத் தொடர்ந்தபடி நிறுத்தியபோதே பாதிக்கு மேல் திரும்பியது என்றால், நம் உதாரணப் பெண் இரண்டையும் ஒரே நாளில் விட்டது எவ்வளவு பெரிய பந்தயம் என்று தெரிகிறது. இன்னொரு பக்கம், நிறுத்திய 100 பேரில் 45 பேருக்கு அந்தக் காலத்தில் நோய் திரும்பவில்லை. அதனால்தான் "ஆயுளுக்கும் போட்டே ஆக வேண்டும்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதும் சரியல்ல. யாருக்கு, எப்போது, எந்த வேகத்தில் என்பதே கேள்வி.

நோய் திரும்பினால் பழைய மாத்திரையையே, சில சமயம் அதிக அளவில், மீண்டும் தொடங்க வேண்டிவரும். எடை திரும்பவும் ஏறும். அந்தக் குரல் "செத்துப் போ" என்று சொன்ன குரல் என்பதை மறக்கக் கூடாது. இந்த நோயில் உயிரிழப்பு ஒரு நிஜமான ஆபத்து.

நிறுத்தியதும் உள்ளே நடப்பது

மாதக்கணக்கில் ஓர் ஏற்பியை அடைத்து வைத்தால், மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. டோபமின் ஏற்பிகள் தடுக்கப்பட்டால், செல்கள் அந்த ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கின்றன, அவற்றின் கூர்மையும் கூடுகிறது. மருந்து இருக்கும்வரை இது தெரியாது. மருந்து சட்டென்று விலகினால், வழக்கமான அளவு டோபமினே மிகையாக வேலை செய்கிறது. சிலருக்குக் குரலும் சந்தேகமும் முன்பைவிட வேகமாகத் திரும்புவதற்கும், வாயும் நாக்கும் தானாக அசைவதற்கும் இது காரணம் என்று கருதப்படுகிறது. ஹிஸ்டமின் பக்கம் இதே எதிர்வீச்சு தூக்கமின்மையாக வரும். அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு ரசாயனத்தின் பக்கம் வந்தால் குமட்டல், வியர்வை, வயிற்றுப்போக்கு.

செர்ட்ராலின் வகை மருந்து வேறு இடத்தில் வேலை செய்கிறது. வெளியே வந்த செரோடோனினைச் செல் மீண்டும் உள்ளே இழுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. மருந்து எவ்வளவு சீக்கிரம் உடலை விட்டுப் போகிறதோ, அவ்வளவு கடுமையாக இருக்கும், அதை நிறுத்தியதால் வரும் தொல்லைகள், அதாவது நிறுத்த அறிகுறிகள். வென்லாஃபாக்சின் சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஒரு நாள் மறந்தாலே சிலருக்குத் தலை சுற்றும். பராக்சிடினும் மோசம்தான். ஃப்ளூவாக்சிடினோ உடலில் வாரக்கணக்கில் தங்கும், அதனால் தானாகவே மெதுவாகக் குறையும்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. செர்ட்ராலினின் உறவுக்கார மருந்தான சிட்டலோப்ராமை எடுத்துக்கொள்வோம். 20 மி.கி. போட்டால், செரோடோனினை உள்ளே இழுக்கும் அமைப்பில் சுமார் 80 சதவீதம் அடைபடுகிறது. பாதியாக, 10 மி.கி.க்குக் குறைத்தால் அடைப்பு 40 ஆகும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை, இன்னும் 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். 5 மி.கி.யில் ஏறத்தாழ 60. அங்கிருந்து பூஜ்யத்துக்குப் போனால் அந்த அறுபதும் ஒரே தாவலில் போய்விடும். மேலே சின்னச் சின்னப் படிகளாக இருந்து, கடைசிப் படி மட்டும் ஆள் உயரத்துக்கு இருக்கும் மாடியில் இறங்குவது போல. "20-லிருந்து 10-க்கு வந்தப்போ ஒண்ணும் ஆகலை, 5-ஐ நிறுத்தினதும்தான் படுத்திடுச்சு" என்று சிலர் சொல்வதன் காரணம் இது. மார்க் ஹாரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு மனநல மருத்துவத் துறை ஆய்வாளர்கள் 2019-ல் இதை விளக்கி எழுதியபிறகு, கடைசிக் கட்டத்தில் இன்னும் சின்னச் சின்ன அளவாகக் குறைக்க வேண்டும் என்ற கருத்து பரவியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது இதற்கு நல்ல வழியல்ல. சீக்கிரம் வெளியேறும் மருந்தாக இருந்தால் அளவு ஏறி இறங்கி, ஒவ்வொரு இரண்டாம் நாளும் ஒரு குட்டி நிறுத்தமாகிவிடும்.

நிறுத்த அறிகுறியா, நோய் திரும்புகிறதா என்று குழம்புவது சகஜம். நிறுத்த அறிகுறி பெரும்பாலும் சில நாளில் தொடங்கும், அதில் நோயின்போது இல்லாத புதுத் தொல்லைகள் இருக்கும்: தலைக்குள் கரண்ட், தலைச்சுற்றல், குமட்டல். டாக்டர் மருந்தைத் திரும்பக் கொடுத்தால் ஓரிரு நாளில் அடங்கிவிடும். நோய் திரும்புவது மெதுவாக, பழைய அறிகுறிகளின் பழைய வரிசையிலேயே வரும், மருந்தைத் தொடங்கினாலும் அடங்க வாரங்கள் ஆகும். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அதனால் இந்தத் தீர்ப்பை வீட்டிலேயே எழுத வேண்டாம்.

எடைக்கு என்ன செய்வது

மாத்திரை தொடங்கும் நாளில் எடை, இடுப்புச் சுற்றளவு, பீ.பி., வெறும் வயிற்றுச் சுகர், கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எடையை 4, 8, 12-வது வாரங்களில் பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் மிஷின் இருந்தால் வாரம் ஒரு நாள், காலையில், ஒரே மாதிரி உடையில் பார்த்து நோட்டில் எழுதினால் இன்னும் நல்லது. மூன்றாம் மாதம் சுகர், கொழுப்பு மறுபடி. இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ.யும் பெண்களுக்கு 80 செ.மீ.யும் தாண்டினால் நம் போன்ற தெற்காசிய உடல்வாகுக்குக் கவலைப்பட வேண்டிய அளவு. எடை 5 சதவீதம் கூடினாலே சிகிச்சையை மறுபார்வை செய்யலாம். 52 கிலோவுக்கு அது இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். பத்து கிலோ ஏறும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

டாக்டரிடம் சொல்லும்போது "குண்டாயிட்டேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னால் "நடைப்பயிற்சி போங்க" என்ற பதிலோடு முடிந்துவிடலாம். நோட்டைக் காட்டி, "எட்டு வாரத்துல ஏழு கிலோ ஏறியிருக்கு டாக்டர், நோய் வர்றதுக்கு முன்னாடி இருந்ததைவிட அதிகமாயிடுச்சு. ராத்திரி மாத்திரை போட்ட பிறகு பசி தாங்க முடியலை. இப்படியே போனா நான் நிறுத்திடுவேனோன்னு பயமா இருக்கு, வேற வழி இருக்கா?" என்று கேளுங்கள். கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். நிறுத்தும் எண்ணம் இருப்பது தெரிந்தால்தான் டாக்டர் அவசரத்தைப் புரிந்துகொள்வார்.

அவர் முன் சில வழிகள் இருக்கின்றன. ஒன்று மெட்ஃபார்மின். சுகர் மாத்திரையாக நமக்குத் தெரிந்த இது, ஆன்டிசைகாட்டிக் எடையைச் சராசரியாக மூன்று கிலோ அளவுக்குக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடை ஏறத் தொடங்கிய உடனே ஆரம்பித்தால் பலன் கூடுதல். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு போட்டுச் சிறிய அளவில் தொடங்கினால் தாங்கும். வீட்டில் சுகர்க்காரர் இருக்கிறார் என்று அவர் மாத்திரையை எடுத்துப் போடுவது கூடாது.

இன்னொன்று மருந்தை மாற்றுவது, உதாரணமாக ஒலான்சபினிலிருந்து அரிபிப்ரசோலுக்கு. இதையும் ஒரே இரவில் செய்வதில்லை. புதியதைச் சேர்த்து, பழையதைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். அப்போது தூக்கம் குறையலாம், அரிபிப்ரசோலால் கால் ஒரு இடத்தில் நிற்காத ஒரு பதற்றம் வரலாம். அப்படி வந்தால் நோய் முற்றிவிட்டது என்று பயந்துவிடாமல் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார். எல்லோருக்கும் மாற்றம் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. வேறெந்த மருந்துக்கும் அடங்காத நோய் க்ளோசபினுக்கு மட்டும் அடங்கியிருந்தால், அதை வைத்துக்கொண்டே எடையைச் சமாளிப்பதுதான் புத்திசாலித்தனம்.

சாப்பாட்டில் நான் முதலில் கைவைக்கச் சொல்வது பானங்களை. தாகத்துக்குத் தண்ணீர், மோர். டீயில் சர்க்கரையைப் பாதியாக்குவது. அடுத்தது இரவு. மாத்திரையைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் பசி வந்து சேரும். சாப்பாட்டை முடித்து, மாத்திரையைப் போட்டு, படுக்கப் போய்விடுவது நல்லது. நொறுக்குத்தீனியை வாங்கி வைக்காமல் இருப்பதில் வீட்டார் எல்லோரும் சேர வேண்டும். பசியைத் தூண்டும் மருந்தைப் போட்டிருப்பவர் கண்ணெதிரே முறுக்கு டப்பாவை வைத்துவிட்டு "கன்ட்ரோல் பண்ணு" என்பது கொடுமை.

மருந்தை விட்டாக வேண்டும் என்றே முடிவானால் அதற்கும் முறை உண்டு. மனச்சோர்வு மருந்தைக் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்வது வழக்கம்; மனச்சிதைவு போன்ற நோயில் அது ஒன்றிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ. நம் உதாரணப் பெண்ணுக்கு என்றால், இரண்டையும் ஒன்றாகத் தொடாமல், ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் குறைப்பார்கள். ஒலான்சபின் 10 என்பது 7.5, 5, 2.5 என்று ஒவ்வொரு படியிலும் சில வாரம் நின்று இறங்கலாம். ஒரு படியில் தூக்கம் கெட்டால் முந்தைய படிக்கே திரும்புவார்கள். பரீட்சை, கல்யாணம், பிரசவம் போன்ற நேரத்தில் இதைத் தொடங்குவதில்லை.

உடனே நிறுத்த வேண்டிய நிலைகளும் உண்டு, ஆனால் அவை மருத்துவமனையில் முடிவு செய்யப்படுபவை. ஆன்டிசைகாட்டிக் போடுபவருக்குக் கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல விறைத்து, மனம் குழம்பினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. அடுத்த மாத்திரை கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். க்ளோசபின் போடுபவருக்குக் காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே ரத்த அணுக்களைப் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து அன்றே எல்லாவற்றையும் நிறுத்துகிறார்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, முடிந்தால் அன்றைக்கே, இல்லாவிட்டால் அடுத்த நாளே டாக்டரைக் கேட்பது.

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால், எத்தனை நாளாகிறது என்பதை வைத்தே அடுத்த அடி. ஓரிரு நாள் என்றால் டாக்டருக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத் தொடரலாம். விட்டதற்கு ஈடாக இரண்டு மடங்கு போடக் கூடாது. வாரக்கணக்கில் விட்டிருந்தால் பழைய முழு அளவைத் தானாகத் தொடங்காமல் நேரில் போங்கள். க்ளோசபினுக்கு இதில் கறாரான விதி உண்டு. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 12.5 மி.கி.யிலிருந்துதான் தொடங்க வேண்டும். பழைய அளவை அப்படியே போட்டால் பீ.பி. சரிந்து மயங்கி விழலாம். டாக்டரைப் பிடிக்க முடியாத இரவில், இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், இலங்கையில் 1926. பேசும்போது மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், மி.கி., கடைசியாகப் போட்ட தேதி, இந்த மூன்றையும்தான் முதலில் கேட்பார்கள்.